சுழற்சிக்கு இடறும் உள்நாட்டுப் போர்

“அமெரிக்காவில் 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருநெருக்கடி திரும்புகிறது.”

அமெரிக்க எழுத்தாளர்கள் வில்லியம் ஸ்ட்ராஸ், நீல் ஹவ் இருவரும் வகுத்த இக்கோட்பாட்டின்படி, நெருக்கடிக் காலம் ஏறத்தாழ 20 ஆண்டுகள் நீடிக்க வேண்டும். அதில் நெருக்கடியை எதிர்கொண்டு வென்றெடுக்கும் ‘வீரர்’ தலைமுறை ஒன்று உருவாக வேண்டும். ஆனால் உள்நாட்டுப் போரை உள்ளடக்கிய நெருக்கடியை அவர்களே 1860 முதல் 1865 வரை மட்டுமே என்று குறுக்கி, அந்தச் சுழற்சியில் மட்டும் வீரர் தலைமுறை உருவாகவில்லை என்று விதிவிலக்கும் அளித்தனர். ஆராய்வதற்குச் சில சுழற்சிகளே இருக்கையில், மிகப் பெரிய நிகழ்வே பொருந்தாதபோதும் கோட்பாடு திருத்தப்படாததால், எந்தச் சான்று அதைப் பொய்ப்பிக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் கேட்பது நியாயமே.

சமூகவியலாளர்களின் ஐயம் இன்னும் அடிப்படையானது. 1901 முதல் 1924 வரை பிறந்தோரை ஒரே வீரர் தலைமுறை என்றனர் ஸ்ட்ராஸும் ஹவும். இரண்டாம் உலகப் போரில் அதே வயதுக் கறுப்பினத்தவர் தனிப்படைப்பிரிவுகளில் ஒதுக்கப்பட்டதையும், ஜப்பானிய அமெரிக்கர் முகாம்களில் அடைக்கப்பட்டதையும் அந்த ஒற்றைப் பெயர் மறைத்துவிடுகிறது.