அட்டவணையில் ஒரு கோதுமை, லாரியில் ஒரு கோதுமை

போன வாரம் மைத்துனர் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படத்தைப் போட்டார். இடது பக்கம் பழைய ஊட்டச்சத்து அட்டவணை: 100 கிராம் கோதுமையில் 11.8 கிராம் புரதம். வலது பக்கம் 2017 அட்டவணை: 10.6 கிராம். கீழே சிவப்பு எழுத்தில் "மண் செத்துவிட்டது". இரண்டும் ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்டவைதான். இரண்டு எண்ணும் புத்தகத்தில் இருப்பவைதான். ஆனால் படத்தைச் செய்த புண்ணியவான் அதே புத்தகங்களில் அரிசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கவில்லை. தீட்டிய பச்சரிசி பழையதில் 6.8, புதியதில் 7.9. கோதுமைக்குச் செத்த மண் அரிசிக்கு மட்டும் எழுந்து உட்கார்ந்துகொண்டதா?

நான் பதினாலு வருடமாக ஒரு மாவு ஆலையின் ஆய்வகத்தில் இருக்கிறேன். தமிழ்நாட்டில் கோதுமை விளைச்சல் சொற்பம் என்பதால் எங்களுக்கு வருவதெல்லாம் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் பக்கத்துச் சரக்கு. லாரி வந்ததும் மூட்டைகளில் குத்தூசி விட்டு மாதிரி எடுப்போம். ஒரே நாளில் ஒரு லாரி 9.3 காட்டும், அடுத்தது 12.4 காட்டும். அதனால் 10.6 என்ற சராசரியை வைத்துக்கொண்டு எங்கள் வேலை ஒரு நாள்கூட ஓடாது. புரதம் குறைந்த கோதுமை பிஸ்கட் மாவுக்குப் போகும். கூடியது பிரெட்டுக்கும் பரோட்டாவுக்கும் போகும். மாற்றி அனுப்பினால் பரோட்டா மாஸ்டர் போனில் பேசும் தமிழை இங்கே எழுத முடியாது.

ஏன் இப்படி மாறுகிறது? புரதச் சதவீதம் என்பது ஒரு பங்கு. மணிக்குள் புரதம் அப்படியே இருந்து மாவுச்சத்து கூடினாலும் குறைந்தாலும் சதவீதம் நகரும். இந்த இரண்டும் மணிக்குள் வருவது வேறு வேறு வழியில். புரதத்துக்கு வேண்டிய தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பெரும்பகுதியைச் செடி பூக்கும் முன்பே மண்ணிலிருந்து எடுத்து இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்துவிடும். மணி பால் பிடிக்கும்போது இலை பழுக்கப் பழுக்க அது கதிருக்கு இறங்கும். மாவுச்சத்து அப்படியில்லை. அதில் பெரும்பங்கு பூத்த பிறகு, அன்றன்றைய வெயிலிலும் பச்சை இலையிலும் உருவாகி மணிக்குப் போவது. மணி முற்றும் அந்த சில வாரங்கள் நன்றாக அமைந்தால் மாவுச்சத்து குவியும், அமையாவிட்டால் பாதியில் நிற்கும்.

2022 மார்ச் ஞாபகம் இருக்கிறதா? 1901இலிருந்து இருக்கும் பதிவுகளில் இந்தியாவின் மிகச் சூடான மார்ச் அது. பஞ்சாப், ஹரியானாவில் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் அனல் வந்து இறங்கியது. மணி சுருங்கிப்போய், சுருங்கிய, உடைந்த மணி 6 சதவீதம்வரை இருக்கலாம் என்ற அரசுக் கொள்முதல் விதியையே அந்த மே மாதம் 18 சதவீதமாகத் தளர்த்த வேண்டியதாயிற்று. கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்ததும் அதே மாதம்தான்.

இப்போது ஒரு கணக்கு. நன்றாக முற்றிய மணி ஒன்று 40 மில்லிகிராம், அதில் புரதம் 4.4 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 11 சதவீதம். அனலில் அதே மணி 32 மில்லிகிராமிலேயே நின்றுவிட்டது, புரதமும் கொஞ்சம் குறைந்து 4 மில்லிகிராம் ஆகிவிட்டது என்றால்? 12.5 சதவீதம். ஆய்வகக் காகிதத்தில் எண் ஏறியிருக்கிறது. வயலிலோ விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று, மொத்தப் புரதமும் குறைந்துதான் போயிற்று. அட்டவணைக்காரர் அந்த வருடம் கடையில் மாதிரி வாங்கியிருந்தால் "கோதுமையில் புரதம் கூடியது" என்று இன்னொருவர் பச்சை எழுத்தில் படம் போட்டிருப்பார். சுருங்கிய மணியில் தோலின் பங்கு அதிகம். அரைத்தால் தவிடு கூடும், மாவு குறையும். எங்கள் முதலாளிக்கு அந்த 12.5 இனிக்காது.

நல்ல வருடத்தில் இதற்கு நேரெதிர். குளிர் நீண்டு, தண்ணீரும் கிடைத்து, மணி பருத்தால் எண் இறங்கும். யூரியா போடும் நேரமும் இதில் சேர்ந்துகொள்ளும். முன்கூட்டியே போட்டது தூர் வெடிப்புக்கும் விளைச்சலுக்கும் போகும், பூக்கும் சமயத்தில் போட்டதில்தான் அதிகப் பங்கு மணியின் புரதத்துக்குப் போகும். நம் நாட்டில் ஆதரவு விலை எடைக்குத்தான், புரதத்துக்கு ஒரு பைசாவும் கூடுதல் கிடையாது. அப்புறம் விவசாயி எதற்குக் கடைசியில் ஒரு மூட்டை யூரியாவுக்குச் செலவழிக்கப் போகிறார்? ஆஸ்திரேலியாவில் பிரைம் ஹார்ட் தரம் என்றால் குறைந்தது 13 சதவீதம் வேண்டும், விலையும் அதற்கேற்ப. அதனால் அங்கே விவசாயி அந்த எண்ணைப் பார்த்து விதை எடுக்கிறார்.

மைத்துனர் படத்துக்குத் திரும்புகிறேன். ஆய்வகத்தில் யாரும் புரதத்தை நேராக அளப்பதில்லை என்பது வெளியே பலருக்குத் தெரியாது. 1883இல் டென்மார்க்கில் கெல்டால் கண்டுபிடித்த முறைதான் இன்றும் அடிப்படை. மாவைக் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்து, வெளிவரும் நைட்ரஜனை அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்குவோம். பொதுவாக 6.25. கோதுமை மாவுக்கு 5.7, அரிசிக்கு 5.95, பாலுக்கு 6.38. ஒரு கோதுமையில் நைட்ரஜன் 1.9 சதவீதம் என்றால் 6.25ஆல் பெருக்கினால் 11.9 வரும், 5.7ஆல் பெருக்கினால் 10.8 வரும். ஒரே கோதுமை, ஒரே குடுவை! படத்தில் இருந்த இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஈரப்பதம் வேறு இருக்கிறது. 12 சதவீத ஈரத்தோடு 11 காட்டும் கோதுமை, உலர் எடையில் சொன்னால் 12.5 ஆகிவிடும். ஆகவே இரண்டு புத்தகத்து எண்களை ஒட்டவைத்து மண்ணுக்கு மரணச் சான்றிதழ் எழுதும் முன், எந்தப் பெருக்கெண், எவ்வளவு ஈரம், எந்த ஊர் மாதிரி, எந்த வருடம் என்று கேட்க வேண்டும். விளைச்சல் கூடிய குட்டை ரகங்களில் புரதப் பங்கு குறைய வாய்ப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைக் காட்ட ஒரே வயலில் பழைய ரகத்தையும் புதிய ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டுப் பார்க்க வேண்டும். இந்தப் படம் அதைக் காட்டவில்லை.

அரிசியில் ரகத்தின் கை ஓங்கியிருக்கும். கட்டாக் நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2016இல் வெளியிட்ட சி.ஆர். தான் 310 ரகத்தில் தீட்டிய அரிசியிலேயே 10.3 சதவீதம் புரதம். அட்டவணையின் 7.9ஐ நம்பி, ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 24 கிராம். அந்த ரகமாக இருந்தால் 31. பழைய அட்டவணைப்படி 20. அரிசியில் புரதம் வெளி அடுக்குகளில் கூடுதலாக இருப்பதால் எவ்வளவு தீட்டுகிறோம் என்பதும் எண்ணை மாற்றும். ஜப்பானில் புரதம் கூடிய அரிசி சாதம் இறுகிப் பிசுபிசுப்பு குறைகிறது என்று கடைசித் தழைச்சத்தைக் குறைக்கச் சொல்வார்கள். நாம் கூட்டப் பார்ப்பதை அவர்கள் குறைக்கப் பார்க்கிறார்கள்.

பாலுக்கு என் பெரியம்மா வீட்டு மாடு போதும். பால் சொசைட்டி சீட்டில் கொழுப்பும், கொழுப்பு நீங்கலான திடப்பொருளான எஸ்.என்.எஃபும் இருக்கும், புரதம் இருக்காது. எஸ்.என்.எஃபில் பால் சர்க்கரையும் தாது உப்பும் பெரிதாக அசையாது, அசைவதில் பெரும்பங்கு புரதம். கன்று ஈன்றதும் வரும் சீம்பாலில் புரதம் 14 சதவீதம்வரை இருக்கும். சில நாளில் அது மூன்று சொச்சத்துக்கு இறங்கி, பால் அதிகம் கறக்கும் ஒன்று, இரண்டு மாதத்தில் அடிமட்டத்துக்கு வந்து, பால் வற்ற வற்ற மறுபடி ஏறும். கோதுமை மணியின் கதையேதான்: அளவு கூடினால் அடர்த்தி குறையும்.

தீவனத்தில் பெரியம்மா நம்புவது பருத்திக்கொட்டையை. அது கொழுப்பை ஏற்றும், புரதத்துக்கு அவ்வளவு உதவாது. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் புரதம் தயாரிக்கின்றன, அவற்றுக்கு மாவுச்சத்து எரிபொருள் வேண்டும். சித்திரை வெயிலில் மாடு தீனியை ஒதுக்கி, காய்ந்த வைக்கோலோடு நின்றால் எஸ்.என்.எஃப் சரிவது அதனால்தான். "தண்ணி கலந்துட்டீங்களா"ன்னு சொசைட்டியில் கேட்டதற்குப் பெரியம்மா மூன்று நாள் பால் ஊற்றப் போகவில்லை. அப்புறம் அரைத்த மக்காச்சோளம் வைத்துக் கொஞ்சம் மீண்டது. மாறாக, எரிபொருள் இல்லாமல் புண்ணாக்கை மட்டும் கூட்டினால் மிஞ்சிய நைட்ரஜன் யூரியாவாகிப் பாலில் கலக்கும். கெல்டால் முறைக்கு அதுவும் புரதம்தான். பாலின் நைட்ரஜனில் சுமார் 5 சதவீதம் இப்படிப் புரதமில்லாதது. இதே கண்மூடித்தனத்தைப் பயன்படுத்தித்தான் 2008இல் சீனாவில் பாலில் மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளைக் கலந்தார்கள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன்.

அட்டவணை தயாரித்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நாட்டை ஆறு மண்டலமாகப் பிரித்து மாதிரி வாங்கி அளந்தார்கள். 2017 புத்தகத்தில் கோதுமைக்கு எதிரே 10.59 என்று போட்டு, பக்கத்திலேயே ஏற்ற இறக்கத்தைக் காட்ட ± 0.60 என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். எருமைப்பால் 3.68, அதற்கு ± 0.39. அந்த இரண்டாவது எண்ணைத் தூக்கி எறிவது நாம்தான். செயலியில் "இன்று நீங்கள் உண்டது 61.37 கிராம் புரதம்" என்று காட்டுவதில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் அலங்காரம். என்னைக் கேட்டால் அதை "55இலிருந்து 67க்குள்" என்று காட்டட்டும், யாருக்கும் தலை சுற்றாது.

இதையெல்லாம் குழுவில் எழுதினேன். மைத்துனர் ஒரு கட்டைவிரலோடு நிறுத்திக்கொண்டார். நேற்று ஞாயிற்றுக்கிழமை ஆளே நேரில் வந்தார், கையில் இரண்டு பொட்டலம். ஒரே கடையில், ஒரே பெயரில், இரண்டு மாதம் தள்ளி வாங்கிய 25 கிலோ சிப்பங்களிலிருந்து ஒவ்வொரு படி அரிசி. இன்று மதியம் போட்டுப் பார்த்தேன். ஒன்று 6.9, இன்னொன்று 8.2. "எதை மாப்பிள அட்டவணையில எழுதறது?" என்று அனுப்பியிருக்கிறார்.