அது காசு இல்லையாம், ஸ்கினாம்

ரம்மி ஆப்பைத் திட்டாத ஆள் நம்ம சேலத்தில் கிடையாது. நீதிபதி சந்துரு குழு, 2022இல் வந்த சட்டம், அதன் மேல் நடந்த வழக்கு எல்லாம் டீக்கடை வரைக்கும் தெரியும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆப்புகளாவது பான் கார்டு கேட்டன. ஜெயித்த காசில் 30 சதவீதம் டிடிஎஸ் பிடித்தன. துப்பாக்கி கேம் பேரைச் சொல்லி பிளஸ் ஒன் பையன்கள் ஆடும் சூதாட்டத்தில் இது எதுவுமே இல்லை. "எனக்கு 18 வயது ஆகிவிட்டது" என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டால் கதவு திறந்துவிடும்.

ஐந்து ரோடு பக்கம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 எப்படி ஓடும் என்று கேட்காமல் கேமிங் பிசி வாங்குகிறவன் கம்மி. கேம் மேல் எனக்குக் கோபமில்லை, நானும் ஆடுவேன் (கேவலமாக). கோபமெல்லாம் அதன் ஸ்கினை வைத்து வெளியே நடக்கும் ஆட்டத்தின் மேல்தான்.

ஸ்கின் என்பது துப்பாக்கிக்கு மேல் பூசும் வண்ணம், அவ்வளவுதான். அதனால் குண்டு வேகமாகப் போகாது. 2013 ஆகஸ்டில் அந்த கேமைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் இதைக் கொண்டுவந்தபோதே இரண்டு விஷயத்தைச் சேர்த்துக் கொடுத்தது. ஒன்று, ஸ்கின் கேஸ் என்ற மூடிய பெட்டிக்குள் வரும், திறக்க 2.49 டாலருக்குச் சாவி வாங்க வேண்டும். இரண்டு, கிடைத்த ஸ்கினை இன்னொருவருக்கு மாற்றலாம், விற்கலாம். சீனச் சட்டம் கட்டாயப்படுத்தியதால் 2017இல் அங்கே வாய்ப்புக் கணக்கை வெளியிட்டார்கள். நூறில் எண்பது தடவை வருவது மலிவான நீல ஸ்கின். எல்லோரும் ஆசைப்படும் கத்தி வருவது 0.26 சதவீதம். அதாவது ஆயிரம் கேஸ் திறந்தால் சராசரியாக இரண்டோ மூன்றோ கத்தி. ஆயிரம் சாவிக்கு மட்டும் இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும்.

இதுவே சூதாட்டம் என்பவன் நான். ஆனால் இது வீட்டு வாசல்தான். உள்ளே நடப்பதை எனக்குக் காட்டியவன் என் அக்கா மகன். ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான், லீவுக்குக் கீழே வந்திருந்தான். "காசு எதுவும் கட்டல மாமா, ஸ்கின்தான் போட்டேன்" என்றான். பொய் சொல்கிற முகம் இல்லை. அவன் உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறான்.

அவன் செய்தது இதுதான். ஒரு கேஸ் சைட்டுக்குப் போய் வால்வின் கேம் தளமான ஸ்டீமில் இருக்கும் தன் கணக்கை வைத்தே உள்ளே நுழைந்தான். புதுப் பாஸ்வேர்ட் இல்லை, ஆதார் இல்லை. ஸ்டீம் கணக்கு தொடங்க 13 வயது போதும், அது ஞாபகம் இருக்கட்டும். பிறகு தன்னிடமிருந்த ஏகே-47 ஸ்கின்னை அங்கே கொடுத்தான். சைட் அதற்குப் பதிலாகக் காயின் ஏற்றியது. அந்தக் காயினில் சைட்டே தயாரித்த கேஸ்களைத் திறந்தான். வந்ததை ஒரே தட்டில் திரும்பக் காயினாக்கி அடுத்ததைத் திறந்தான்.

நஷ்டம் எங்கே என்று அவனை உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். வெளியே 3,000 ரூபாய் போகும் ஸ்கின்னுக்கு சைட் 2,600க்குத்தான் காயின் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்பேட்டையில் பழைய கொலுசு கொடுத்துப் புதுசு எடுக்கும்போது கழிக்கிற மாதிரிதான், ஆனால் இங்கே தராசும் சைட்காரனுடையது, விலைப்பலகையும் அவனுடையது. அடுத்தது கேஸ். 100 காயின் கேஸில் சராசரியாக 90 காயின் மதிப்புள்ள பொருள் வரும்படி அமைத்திருந்தால், பத்து சதவீதம் சைட்டுக்கு. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் பையன் ஒரு தடவையோடு நிறுத்துவதில்லை, வந்ததையெல்லாம் திரும்பப் போடுகிறான். 2,600 முதல் சுற்றில் 2,340 ஆகும், அடுத்ததில் 2,106. ஏழாவது சுற்றில் 1,250க்கும் கீழே. இது சராசரி. நடுவில் ஒரு தடவை பெரிசாக அடிக்கும், அந்த ஒன்றுதான் ஸ்கிரீன்ஷாட்டாக நண்பர்கள் குரூப்பில் சுற்றும்.

"புரோவப்லி ஃபேர்னு போட்டிருக்கான் மாமா, ஏமாத்த முடியாது" என்றான். அதையும் பார்த்தோம். சைட் ஒரு ரகசிய எண்ணின் ஹேஷை, அதாவது அந்த எண்ணுக்குக் கைரேகை மாதிரியான குறியீட்டை, முன்கூட்டியே காட்டுகிறது, ஆட்டம் முடிந்தபின் எண்ணை வெளியிடுகிறது, நாம் சரிபார்க்கலாம். குலுக்கலுக்குப் பிறகு முடிவை மாற்றவில்லை என்பதை இது நிரூபிக்கும். 90 காயின் பொருளை 100 காயினுக்கு விற்பதை இது தடுக்காது. கேஸ் திறக்கும்போது திரையில் ஓடும் படப் பட்டையில் கத்தி ஒரு கட்டம் தள்ளி நின்றுபோவதும் அப்படித்தான். பட்டை ஓட ஆரம்பிக்கும் முன்பே முடிவு வந்துவிட்டது. பக்கத்தில் என்ன படம் வைப்பது என்பது வெறும் அலங்காரம். பையன் நெஞ்சில் கை வைத்து "ச்சே, ஜஸ்ட் மிஸ்" என்கிறான்.

யூடியூபில் ஜெயிப்பதைப் பார்த்து வருகிறவர்களுக்குப் பழைய கதை ஒன்று. 2016இல் ட்ரெவர் மார்ட்டின், டாம் கேசல் என்ற இரண்டு யூடியூபர்கள் சிஎஸ்கோ லோட்டோ என்ற சைட்டில் ஜெயித்து வீடியோ போட்டார்கள். அந்த சைட்டே அவர்களுடையது, அதைச் சரியாகச் சொல்லவில்லை. 2017இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. சமரசத்தில் முடிந்தது, அபராதம் கூட இல்லை.

அந்த 2016லேயே வால்வ் இருபதுக்கும் மேற்பட்ட சைட்டுகளுக்கு நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. 2018இல் கைமாறிய ஸ்கின்னை ஏழு நாளைக்கு மறுபடி மாற்ற முடியாதபடி பூட்டு போட்டது. ஸ்கின்களைப் பதுக்கி வைத்துக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த, தானாக இயங்கும் பாட் கணக்குகளுக்கு அது அடிதான். சைட்டுகள் வேறு வழி பிடித்தன. இப்போது பல சைட்டுகள் ஸ்கின்னைத் தொடுவதே இல்லை. காயின் வேண்டியவன் தன் ஸ்கின்னை, காயினைக் கொடுத்து ஸ்கின் எடுக்க நினைப்பவனுக்கு நேராக அனுப்பச் சொல்லிவிடுகின்றன. ஸ்டீம் பார்வையில் இரண்டு பையன்கள் பரிசு மாற்றிக்கொண்ட மாதிரி இருக்கும்.

வீட்டில் பார்க்க நினைப்பவர்கள் பையனை அருகில் வைத்துக்கொண்டே steamcommunity.com/my/inventoryhistory திறக்கச் சொல்லுங்கள். ஒரு ஸ்கின் போயிருக்கும், பதிலுக்கு எதுவும் வந்திருக்காது. அப்படிப்பட்ட வரி ஒன்றிரண்டு இருந்தால் வெளிச்சந்தையில் விற்றிருக்கலாம். அடுக்கடுக்காக இருந்து, அதே இரவில் முன்பின் தெரியாத கணக்குகளிலிருந்து வேறு ஸ்கின்கள் சும்மா வந்தும் இருந்தால் அது ஆட்டம்தான். வங்கி ஸ்டேட்மெண்டை மட்டும் பார்த்தால் ஏதோ கிஃப்ட் கார்டு வாங்கியதாகத்தான் தெரியும்.

சட்டத்தில் ஓட்டை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் பந்தயப் பொருள் என்பதைப் பணத்தோடு நிறுத்தவில்லை. பணமாக மாற்றக்கூடிய காயின், டோக்கன், மெய்நிகர் பொருள் எல்லாம் அதில் வரும். ஏகே-47 ஸ்கின் அச்சாக அதில் பொருந்தும். பொருந்தி என்ன? சைட் நடத்துகிறவன் எந்தத் தீவில் பதிவு செய்திருக்கிறான் என்றே தெரியாது. வழக்குத் தொடர முகவரி இல்லை, பையன் ஏமாந்தால் புகார் வாங்க ஆளில்லை. ரம்மி கம்பெனிக்காவது பெங்களூரில் ஓர் ஆபீஸ் இருந்தது.

ஆனால் அந்த சைட் எங்கே இருந்தாலும் அதன் கதவு ஸ்டீம் லாகின்தான். அதை வைத்திருப்பது வால்வ். சைட்டுகளின் பட்டியல் கூகுளில் தட்டினாலே வருகிறது, அந்த லாகினை மூட வால்வுக்குத் தீவுக்குப் போக வேண்டிய அவசியமில்லை. ஒவ்வொரு சாவிக்கும் 2.49 டாலர், தன் சந்தையில் ஒவ்வொரு விற்பனைக்கும் 15 சதவீதம் அதற்கு வந்துகொண்டே இருக்கிறது. வெளியே சூதாட்டம் சூடாக இருக்கும்வரை ஸ்கின் விலையும் இறங்காது. இங்கே நோட்டீஸ் அனுப்புகிறவர்கள் முதலில் அனுப்ப வேண்டிய முகவரி அதுதான் என்பது என் கருத்து.