234 ஜிபி மிச்சம் பிடித்த கதை

ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் மச்சானின் படங்கள் எல்லாம் என் வீட்டு சர்வரில்தான் இருக்கின்றன. சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், 8 ஜிபி ரேம், ஒன்றில் உள்ளது மற்றதிலும் இருக்கும்படி மிரர் போட்ட இரண்டு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க், அவற்றின் மேல் ZFS என்ற ஃபைல் சிஸ்டம்.

மச்சானுக்கு ஒரு பழக்கம். கல்யாணமோ, சடங்கோ, தோட்டத்துக் கோயில் திருவிழாவோ, எதை எடுத்தாலும் முழு ஃபோல்டரையும் காப்பி போட்டுவிட்டுத்தான் எடிட் செய்ய உட்காருவார். அப்புறம் "final", "final2", "album final". எல்லாவற்றிலும் அதே படங்கள். இதைப் பார்த்துத்தான் எனக்கு டிடூப் ஆசை வந்தது. ஒரே தரவு இரண்டு இடத்தில் இருந்தால் டிஸ்கில் ஒரு முறை மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி. இரண்டு டிஸ்கும் சேர்ந்த tank என்ற பூலுக்கு, ஒரு வரிதானே என்று போட்டேன்:

```
zfs set dedup=on tank
```

அப்புறம் 1.5 டெராபைட் அளவுக்கு இருந்த படங்களை யூஎஸ்பி டிஸ்குகளிலிருந்து ஏற்றினேன். முதல் நாள் நன்றாகவே ஓடியது. போகப்போக வேகம் விழுந்தது. கேபிளில்தான் ஏதோ கோளாறு என்று அதை மாற்றினேன், ரவுட்டரைச் சந்தேகப்பட்டேன். எல்லாம் ஏறி முடிந்தபின் `zpool list` அடித்தால் DEDUP என்ற இடத்தில் 1.18x. அதாவது சுமார் 234 ஜிபி மிச்சம். மச்சானிடம் பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த கிழமை அவர் ஒரு 32 ஜிபி கார்டைக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டு நெட்வொர்க்கில் ஐந்தாறு நிமிடத்தில் போய்விடுகிற அளவு. முக்கால் மணி நேரம் எடுத்தது. `zpool iostat -v tank 1` போட்டுப் பார்த்தால் சிறுசிறு ரீட்களாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. நான் எழுதச் சொல்லியிருக்கிறேன், டிஸ்கோ வாசித்துக்கொண்டிருக்கிறது. டிடூப் போட்ட மெஷினில் இதைக் கண்டால் கேபிளைத் தொடாதீர்கள், கோளாறு அங்கே இல்லை.

நடப்பது இதுதான். ZFS ஒவ்வொரு ஃபைலையும் 128 கிலோபைட் துண்டுகளாக எழுதுகிறது. டிடூப் போட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் SHA-256 கைரேகை எடுத்து, அது ஏற்கெனவே இருக்கிறதா என்று ஓர் அட்டவணையில் தேடுகிறது. 1.5 டெராபைட் என்பது சுமார் 1 கோடி 25 லட்சம் துண்டு. இரட்டைகளைக் கழித்தால் 1 கோடி 6 லட்சம். அட்டவணையில் ஒரு துண்டின் பதிவு ரேமில் ஏறக்குறைய 320 பைட் பிடிக்கும் என்பது வழக்கமான கணக்கு. பெருக்கினால் 3.4 ஜிபி. என் மெஷினில் ZFS தன் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பே ரேமில் பாதி, 4 ஜிபிதான். மற்றத் தரவுகளும் அதற்குள்ளேயே இடம் கேட்பதால் இந்த அட்டவணை முழுதாக உட்காரவில்லை.

"அடிக்கடி தேவைப்படுவதை மட்டும் ரேமில் வைத்தால் போதாதா?" என்று நானும்தான் நினைத்தேன். அங்கேதான் சிக்கல். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஆட்கள் செக்ரோல் பதிவேட்டில் இருக்கும் வரிசைப்படி வந்தால் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பத்துப் பேருக்குக் கணக்கு எழுதிவிடலாம். கண்டபடி வந்தால் ஒவ்வோர் ஆளுக்கும் பக்கம் புரட்ட வேண்டும். கைரேகை எண்கள் எப்போதும் கண்டபடிதான் வரும். பக்கத்துப் பக்கத்துப் படங்களாக இருந்தாலும் அவற்றின் பதிவுகள் அட்டவணையின் ஒவ்வொரு மூலையில் விழும். அதனால் அட்டவணையில் பாதி ரேமில் இருந்தால் இரண்டு தேடலில் ஒன்று டிஸ்குக்குப் போகிறது. சாதாரண ஹார்ட் டிஸ்க் இப்படிச் சிதறிய வாசிப்பை விநாடிக்கு நூறு தடவை போலத்தான் செய்யும். 32 ஜிபி என்றால் 2 லட்சத்து 62 ஆயிரம் துண்டு. அதில் பாதிக்கு டிஸ்கைத் தட்டினால் வாசிக்க மட்டுமே இருபது நிமிடத்துக்கு மேல் போய்விடும். புதிய பதிவுகளை அதே மாதிரிச் சிதறலாக எழுதுவது தனி.

இன்னொரு வயிற்றெரிச்சல், கார்டில் வந்தவை எல்லாமே புதுப் படங்கள். ஒன்றுகூட இரட்டை இல்லை. இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு தேடல்!

அழிப்பதும் அதே பாடு. ஒரு துண்டை அழிக்க முன் வேறு யாராவது அதைப் பயன்படுத்துகிறார்களா என்று அட்டவணையைப் பார்க்க வேண்டும். பழைய காமன் கூத்து வீடியோ ஃபோல்டர் ஒன்றை, 400 ஜிபி இருக்கும், ஒரு மாலையில் அழிக்கக் கொடுத்தேன். இரவு பத்து மணிக்கு மழையோடு கரண்டும் போனது. யூபிஎஸ் பத்து நிமிடம்தான் தாங்கியது. காலையில் பார்த்தால் பாதி ஃபைல் போயிருக்கிறது, பாதி கிடக்கிறது.

சரி, நிறுத்திவிடலாம் என்றால் `dedup=off` இனி எழுதப்போவதற்கு மட்டும்தான். ஏற்கெனவே எழுதியவை அட்டவணையிலேயே இருக்கும். ஆகவே நண்பரிடம் ஒரு டிஸ்க் கடன் வாங்கி, எல்லாவற்றையும் `zfs send` மூலம் அதற்கு மாற்றி, பூலை அழித்துப் புதிதாகக் கட்டித் திருப்பி ஏற்றினேன். இதில் ஒரு குழி இருக்கிறது. `send -R` போட்டால் dedup=on என்ற அமைப்பும் கூடவே வந்துவிடும். வாங்கும் பக்கம் `zfs receive -o dedup=off` என்று சொல்ல வேண்டும். நல்லவேளை, விழுமுன் கண்டுகொண்டேன்.

புதிய பூலில்தான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். `zdb -S tank` டிடூப் போட்டால் என்ன கிடைக்கும் என்று போடாமலே கணக்குப் பார்த்துச் சொல்லும். அதுவும் நேரமும் ரேமும் தின்னும், இரவில் ஓடவிடுங்கள். கடைசி வரி இப்படி வரும்:

```
dedup = 1.18, compress = 1.01, copies = 1.00, dedup * compress / copies = 1.19
```

என் கருத்தைக் கேட்டால், இந்த முதல் எண் இரண்டைத் தாண்டாத வீட்டில் டிடூப் வேண்டாம். எங்கள் மாதிரி வீடுகளில் தாண்டாது. ஒரே படம் வாட்ஸ்அப்பில் சுற்றி வந்தால் கண்ணுக்குத்தான் அதே படம், அதைச் சுருக்கி அனுப்புவதால் பைட்டுகள் எல்லாம் வேறு. வீடியோவிலும் இரட்டை வராது. மிஞ்சுவது ஆள் கையால் போட்ட காப்பிகள்தான். அவற்றைப் பிடிக்க ஒரு நாள் போதும், வருடம் முழுவதும் 3.4 ஜிபி ரேமை அடகு வைக்கத் தேவையில்லை.

நான் செய்தது:

```
jdupes -r -m /tank/studio
jdupes -r -L /tank/studio
```

முதல் வரி எவ்வளவு இரட்டை இருக்கிறது என்று மட்டும் சொல்லும். இரண்டாவது, பைட்டுக்குப் பைட் ஒத்த ஃபைல்களை, ஒரே தரவைப் பல பெயர்கள் காட்டும் ஹார்ட்லிங்காக மாற்றும். 221 ஜிபி திரும்பி வந்தது. டிடூப் தந்ததில் 13 ஜிபி மட்டும் குறைவு, ரேம் செலவு ஓடுகிற நேரத்தோடு சரி. பூலின் பழைய நிலையை அப்படியே பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வைத்திருந்தால், அவை போகும்வரை இடம் திரும்பி வராது என்பதை மறக்காதீர்கள். ஹார்ட்லிங்க் ஆன ஃபைலை அதே இடத்தில் திருத்தினால் எல்லா ஃபோல்டரிலும் மாறிவிடும். அதனால் மச்சானின் ரா ஃபைல் ஃபோல்டர்கள் மட்டும் இருக்கும் /tank/studio இல்தான் இதை ஓட்டினேன், அவற்றை அவர் திருத்துவதே இல்லை.

OpenZFS 2.3 இல் வந்த புது டிடூப்பில் அட்டவணைக்கு வரம்பு கட்டலாம், ஒற்றையாகக் கிடக்கும் பழைய பதிவுகளைக் களையவும் செய்யலாம். பெரிய ரேம் உள்ளவர்கள் பார்க்கட்டும். எனக்கு 8 ஜிபிதான்.

மச்சானிடம் 221 ஜிபி திரும்பிவிட்டது என்று சொன்னேன். "அப்ப இடம் இருக்குல்ல?" என்றவர் பண்டாரவளைக் கல்யாணத்தை இரண்டு காப்பியாக ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்.