'ஃபார்ம் 16 மட்டும் கொண்டு வாங்க, மத்ததைப் பாத்துக்கலாம்'

வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ண என்னென்ன பேப்பர் வேணும், எந்தத் தேதிக்குள்ள உங்க கையில இருக்கணும்? வண்ணாரப்பேட்டையில் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் ஆடிட்டரிடம் 2025 மே மாசத்தில் நான் கேட்டது இவ்வளவுதான். வந்த பதில்: "ஃபார்ம் 16 வந்ததும் எடுத்துட்டு வாங்க தம்பி, டைம் இருக்கு, பாத்துக்கலாம்."

என்னத்தைப் பார்த்துக்கிறது? அரசாங்கம் வைத்த கெடுவையா நான் கேட்டேன்? அது பேப்பரிலேயே வருகிறது. சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் ஃபார்ம் 16ஐக் கம்பெனி ஜூன் 15க்குள் கொடுத்தாக வேண்டும், அதுவும் தெரியும். அது தவிர என் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்குத்தானே அவருக்குக் காசு கொடுக்கிறோம்!

இதில் மாட்டியது, இவரிடமே கணக்குக் கொடுக்கும் என் தம்பி. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் செப்டம்பர் 2024 வரை வேலை, ஆறு மாசச் சம்பளம் 5 லட்சம். அக்டோபரிலிருந்து மணலியில், அங்கே ஆறு மாசத்துக்கு 6 லட்சம். பழைய கம்பெனி வருஷத்துக்கு 10 லட்சம் என்று கணக்குப் போட்டு, அவன் கிளம்பும்வரை 22,100 ரூபாய் வரி பிடித்திருந்தது. புதுக் கம்பெனிக்கோ 6 லட்சம்தான் தெரியும். நிலையான கழிவு 75,000 போக மிச்சம் 5.25 லட்சம். 2024-25ல் புதிய வரிமுறையில் 7 லட்சம் வரை வரி இல்லை. ஆக பிடித்தது பூஜ்யம். பழைய சம்பளத்தைப் புதுக் கம்பெனிக்குச் சொல்ல ஃபார்ம் 12பி என்று ஒன்று இருப்பதை அங்கே யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

ரெண்டையும் கூட்டினால் 11 லட்சம். 75,000 கழிவு ஒரு தடவைதான், அதனால் வரிக்கான வருமானம் 10.25 லட்சம். வரி, செஸ் சேர்த்து 55,900. பிடித்தது போக அவன் கட்ட வேண்டியது 33,800 ரூபாய்!

இது எப்போது தெரிந்தது? செப்டம்பர் ரெண்டாவது வாரம். "ரெண்டு கம்பெனியா? அந்த ஃபார்ம் 16 எங்கே?" என்று நம்மையே அதட்டுகிறார் மனுஷன். பழைய கம்பெனி பிடித்த வரி மே மாசத்திலேயே வருமான வரித் தளத்தில் அவன் 26ஏஎஸ் பட்டியலில் இருந்தது. பாஸ்வேர்டும் அவரிடமேதான். திறந்து பார்த்திருந்தால் பழைய கம்பெனியின் பெயர் கண்ணில் பட்டிருக்கும். அதுகூட வேண்டாம், "வேலை மாறினீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! விட்டுப்போன கம்பெனியின் எச்ஆரை அந்த வாரத்தில் பிடிப்பது என்ன லேசான காரியமா?

அப்புறம் அந்த 'டைம் இருக்கு'. அந்த வருஷம் ஜூலை 31 கெடுவை செப்டம்பர் 15க்குத் தள்ளினார்கள், சரி. தாக்கலுக்குத்தான் அந்தச் சலுகை. கட்டாத வரிக்கு ஏப்ரலிலிருந்து மாசம் 1 சதவீதம் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. மாசத்துக்கு 338 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஒரே வாரத்தில் 33,800க்கு அவன் எங்கே போவான்? மே மாசமே தெரிந்திருந்தால் சீட்டுப் பணம் எடுத்தாவது கட்டியிருப்பான்.

என் கதை வேறு. ராயபுரத்தில் மாசம் 11,000 வாடகை, பழைய வரிமுறை. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரர் பான் நம்பர் வேண்டும். இதையும் கடைசி வாரம்தான் வாட்ஸ்அப்பில் கேட்கிறார். நம்ம ஏரியா ஹவுஸ் ஓனர்கிட்ட பான் நம்பர் கேட்டிருக்கீங்களா? "எதுக்கு, எதுக்கு?" என்றே நாலு நாள் போகும். அடுத்து "எல்ஐசி பாலிசி நம்பர் அனுப்புங்க", மறுநாள் "ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசி நம்பர்". அந்த வருஷப் படிவத்தில் இதெல்லாம் புதிதாகக் கேட்டார்கள் என்பது உண்மைதான். அதற்காகத் தவணை முறையிலா கேட்பது? கெடு தாண்டினால் எனக்குப் பழைய வரிமுறையே கிடையாது, வாடகைக் கழிவு, எல்ஐசி எல்லாம் போச்சு. அதைச் சொன்னதும் தொண்டையார்பேட்டையில் வரி வேலை பார்க்கும் என் நண்பன்தான், இவர் இல்லை.

வேலை மாறினீங்களா, வாடகை வீடா, எஃப்டி வட்டி உண்டா, ஷேர் இல்லை மியூச்சுவல் ஃபண்ட் வித்தீங்களா, எந்த வரிமுறை? மே மாசத்தில் இதைக் கேட்டு, யாருக்கு எந்தப் பேப்பர் என்று எழுதி, "ஜூன் 30க்குள்ள கொடுங்க, பிந்தினா நான் பொறுப்பில்லை" என்று ஒரு மெசேஜ் தட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பிறகு நான் பிந்தினால் என்னைத் திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

இதில் பில்லைப் பார்க்கணுமே! வழக்கமான ஃபீஸோடு 'அவசர வேலை' என்று தனியாக 500 ரூபாய். யாரால் சார் அவசரம்?