மருந்துப் பையைத் திறந்துவைத்து எதையும் எடுக்காமல் இருப்பது ஏன்?

விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் என் அருகே உட்கார்ந்து நான் ஃபைனல் ஃபேண்டஸி 6 என்ற வீடியோ கேமை விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தவன், "மாமா, அடிக்கடி பையைத் திறக்கிறீர்கள், ஆனால் எதையும் எடுக்காமலே மூடிவிடுகிறீர்களே?" என்று கேட்டான். அவனுக்கு அப்போது சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இந்த வகை விளையாட்டில் நாட்டமில்லாதவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

பழைய முறைச் சண்டை சதுரங்கத்தைப் போன்றது. நம் வீரர்களுக்கெல்லாம் கட்டளை கொடுத்து முடிக்கும்வரை எதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். நடுவில் எழுந்துபோய்த் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வரலாம். 1991இல் வெளிவந்த ஃபைனல் ஃபேண்டஸி 4 இந்த மரியாதையை ரத்து செய்தது. அதன் சண்டை முறையை வடிவமைத்த ஹிரோயுகி இடோவுக்கு அந்த எண்ணம் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தைப் பார்த்தபோது வந்தது என்பார்கள். ஒரே தடத்தில் வெவ்வேறு வேகத்தில் ஓடும் கார்களில் ஒன்று மற்றதை முந்துகிறது. சண்டையிலும் அப்படி ஒவ்வொருவரும் தன் வேகத்தில் ஓடி, தன் முறையை எட்டினால் என்ன? இதுதான் ஏ.டி.பி. எனப்படும் ஆக்டிவ் டைம் பேட்டில். நான்காம் பாகத்தில் அந்த ஓட்டம் திரையில் தெரியவில்லை. நம் வீரருக்கு எப்போது முறை வரும் என்பதை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த ஆண்டு வந்த ஐந்தாம் பாகத்தில்தான் பெயருக்குப் பக்கத்தில் பட்டை வந்தது. அது இடமிருந்து வலமாக நிரம்பும், நிரம்பியதும் கட்டளை கேட்கும்.

பட்டை தெரிய ஆரம்பித்ததும் காத்திருப்பதன் தன்மையே மாறிவிட்டது என்பது என் கருத்து. தெரியாத காத்திருப்பு வெறும் தாமதம். பட்டை கண்ணெதிரே நிரம்பினால், அது முடிவதற்குள் அடுத்த அடியை யோசித்துவைக்கலாம்.

ஆறாம் பாகத்தின் 1994ஆம் ஆண்டு மூல வடிவத்தில் இந்தப் பட்டை எப்படி நிரம்புகிறது என்பதை, ஆர்வலர்கள் நிரலைப் பிரித்துப் பார்த்துப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள். பட்டையின் கொள்ளளவு 65,536. விளையாட்டின் உள்கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் அதில் சேரும் அளவு இது:

```
96 × (வேகம் + 20) ÷ 16
```

வேகம் 30 உள்ள வீரருக்குத் துடிப்புக்கு 300 சேரும். பட்டை நிரம்ப 219 துடிப்புகள் ஆகும். இனி அவர் வேகத்தை இரட்டிப்பாக்கி 60 ஆக்குங்கள். பாதி நேரத்தில் நிரம்ப வேண்டும் என்றுதானே நினைப்போம்? சேர்வது 480தான், ஆவது 137 துடிப்புகள். அந்தக் கூட்டல் 20 எல்லோருக்கும் இலவசமாகக் கிடைப்பதால், ஆமைக்கும் முயலுக்கும் உள்ள இடைவெளி குறுகிவிடுகிறது. வேகம் கூட்டும் ஹேஸ்ட் மந்திரம் போட்டால் 96 என்பது 126 ஆகும், அவ்வளவே. மந்திரம் போட்டதும் வீரர் பறப்பதுபோல் நமக்குத் தோன்றினாலும், கணக்கில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான கூடுதல்தான்.

நிரம்பிய பட்டை அதற்கு மேல் நிரம்பாது, வழிவதைச் சேமித்துவைக்க முடியாது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் 30 வேக வீரரின் பட்டை நிரம்பிவிட்டது, நாம் எந்த மந்திரம் போடுவது என்று 60 துடிப்புகள் யோசிக்கிறோம் என்று வையுங்கள். அவருடைய சுற்று 219இலிருந்து 279 ஆகிவிடும். சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், இது வேகம் 19 உள்ள வீரரின் சுற்று. நமது தயக்கம் அவருடைய வேகத்தில் 11 புள்ளிகளைத் தின்றுவிட்டது. வேகம் கூட்டும் அணிகலன்களைத் தேடி அணிவித்து ஏற்றிய புள்ளிகளையெல்லாம் பட்டியலை வெறித்துப் பார்த்தே கரைத்துவிடலாம்.

நாலு வீரர்கள் இருந்தால் இன்னும் மோசம். பட்டைகள் நான்கு, கட்டளை கொடுக்கும் கை ஒன்று. நால்வருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பட்டை நிரம்பினால், முதல் மூவருக்காக நாம் யோசித்த நேரமெல்லாம் நான்காமவரின் கணக்கில் ஏறும். ரேஷன் கடை வரிசையின் கடைசி ஆள் மாதிரி. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் பட்டைகள் வெவ்வேறு நேரத்தில் நிரம்பும்படி முதல் சுற்றிலேயே வீரர்களைக் கலைத்துவிடுவார்கள்.

இதிலிருந்து, ஏ.டி.பி. என்றால் விரல் வேகம்தான் என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. எனக்குச் சாட்சி ஆறாம் பாகத்தின் முதல் பெரிய எதிரியே, நார்ஷே சுரங்கத்தில் வழிமறிக்கும் ராட்சத நத்தை.

அதற்குத் தலையும் ஓடும் தனித்தனி இலக்குகள். தலை வெளியே இருக்கும்போது அடிக்கலாம். ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டபின் ஓட்டை அடித்தால் உடனே மின்னலைத் திருப்பி வீசும். இதைச் சண்டைக்குள்ளேயே கூட்டாளி எச்சரித்துவிடுகிறான். மூன்று பேர், மூன்று இயந்திரக் கவசங்கள். டெர்ராவின் பட்டை நிரம்புகிறது, தலை வெளியே இருக்கிறது, நெருப்புக் கதிரை ஏவுகிறோம். அடுத்து வெட்ஜின் பட்டை. அவனுக்கும் கட்டளை கொடுக்கிறோம். ஆனால் கொடுத்த கட்டளை அந்தக் கணமே நடப்பதில்லை. முன்னால் போன கதிர் பாய்ந்து முடிய வேண்டும். அந்த இடைவெளியில் நத்தை உள்ளே போய்விட்டால் நமக்கு நெருக்கடிதான். மூன்றாமவனின் பட்டை நிரம்பிக் கட்டளை கேட்டுக்கொண்டு நிற்கும், விரல் தானாகத் தாக்குதலின் பக்கம் போகும். போகக் கூடாது. இருக்கிற காயத்தை ஆற்றிக்கொள்ளலாம், அல்லது நிரம்பிய பட்டையை அப்படியே வைத்துக்கொண்டு தலை வெளியே வரும்வரை நிற்கலாம். பட்டை நம்மைத் துரத்தும்போது சும்மா நிற்பதுதான் இங்கே சோதனை. புதிதாக விளையாடுபவரை அடையாளம் காண்பது எளிது, மின்னலில் கருகுவது பெரும்பாலும் மூன்றாவது வீரர்தான்.

இது தற்செயலாக அமைந்தது அல்ல. நான்காம் பாகத்தில் தொடக்கத்திலேயே வரும் மூடுபனி டிராகனும் இதே பாடத்தைத்தான் நடத்தியது. அது பனியாகக் கரைந்திருக்கும்போது அடித்தால் குளிர்மூச்சு திரும்பி வரும். ஏழாம் பாகத்தின் முதல் எதிரியான தேள் வாலைத் தூக்கும்போதும் அப்படித்தான். ஆங்கிலப் பதிப்பில் அந்த எச்சரிக்கை வசனம் குழப்பமாக எழுதப்பட்டு, வால் தூக்கியிருக்கும்போது அடி என்று ஊக்குவிப்பதுபோல் ஒலித்தது. அதை நம்பி அடித்து, பதிலுக்கு லேசரில் வெந்தவர்களில் நானும் ஒருவன். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த வயது. மந்திரங்களின் பெயரைப் படித்து முடிப்பதற்குள் எதிரி இரண்டு முறை அடித்துவிடுவான். எனக்கு அப்போது விரல் மந்தமில்லை, வாசிப்புதான் மந்தம். பட்டைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

ஆகவேதான் அமைப்புகளில் இருக்கும் ஆக்டிவ், வெயிட் என்ற இரண்டு சொற்களும் எனக்கு முக்கியமானவை. ஆக்டிவ் என்றால் நாம் எந்தப் பட்டியலில் இருந்தாலும் நேரம் ஓடும். வெயிட் என்றால் நிற்கும். ஆனால் ஆறாம் பாகத்தில் அது எல்லா இடத்திலும் நிற்பதில்லை. முதல் கட்டளைப் பெட்டி திறந்திருக்கும்போது நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். மந்திரம், பை போன்ற உள்பட்டியலுக்குள் நுழைந்தால்தான் நிற்கும். வெயிட்டை "கோழைகளின் அமைப்பு" என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். என்ன செய்வது என்ற முடிவுக்கு நேரம் ஓடுகிறது, எந்த மந்திரம் என்று தேடிப்படிக்கும் எழுத்தர் வேலைக்கு நிற்கிறது. இதைவிட நியாயமான பிரிவினை இருக்க முடியுமா?

அதே பாகத்தில் ஒன்று முதல் ஆறு வரை சண்டை வேகம் என்று ஓர் எண் இருக்கிறது. எல்லோரையும் சேர்த்து வேகப்படுத்தும் என்றுதான் பெயரைப் பார்த்தால் நினைப்போம். அது மாற்றுவது எதிரிகளின் பட்டையை மட்டுமே. ஆறில் வைத்தால் எதிரிக்குச் சேர்வது 255இல் 135 பங்கு, அதாவது பாதிக்குச் சற்று மேல். முப்பது வேக எதிரி 219க்குப் பதிலாக 410 துடிப்புகளுக்கும் மேல் எடுத்துக்கொள்வான். அதற்குள் நமக்கு ஏறக்குறைய இரண்டு முறைகள் கிடைத்துவிடும். உண்மையில் அது கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, பலகையில் பெயர்தான் தவறாக எழுதியிருக்கிறது.

காத்திருப்பதை விலையாக்கிய அழகு 1995இல் வந்த குரோனோ டிரிக்கர் என்ற வேறொரு விளையாட்டில்தான் உண்டு. லூக்காவின் நெருப்பும் மார்லின் பனியும் சேர்ந்த கூட்டுத் தாக்குதல் வேண்டுமானால் இருவர் பட்டையும் நிரம்பியிருக்க வேண்டும். மார்ல் முதலில் தயாரானால் இப்போதே காயம் ஆற்றலாம், அல்லது லூக்காவுக்காக நிற்கலாம். அவள் நிற்கும்போது எதிரியின் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். கட்டாயத்தில் காத்திராமல் நாமே விரும்பிக் காத்திருக்கும்போது, அதே பட்டை வேறு பொருளாகிவிடுகிறது.

கெட்டுப்போன உதாரணம் 2000இல் வந்த ஒன்பதாம் பாகம். கதைக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் விளையாடுவேன், சண்டைக்காக மாட்டேன். அங்கே ஒருவர் தாக்கும் நீண்ட அசைவு திரையில் ஓடும்போதும் மற்றவர்கள் பட்டை நிரம்பிக்கொண்டே இருக்கும். நால்வர், எதிரிகள் இருவர் என்றால் எல்லோரும் சீக்கிரமே தயாராகிவிடுவார்கள். அசைவுகளோ ஒவ்வொன்றாகத்தான் ஓடும். ஆகவே கட்டளைகள் வரிசையில் நிற்கும். உயிர் குறைந்ததைப் பார்த்து மருந்து கொடுக்கச் சொல்கிறோம், அதற்கு முன்பே பதிவான எதிரியின் இரண்டு அடிகள் விழுந்து ஆள் சாய்ந்தபின் மருந்து வருகிறது. பட்டை சீக்கிரம் நிரம்பியும் பயனில்லை, அடைப்பு வேறிடத்தில். ஹேஸ்ட் மந்திரம் அங்கே சோப்ளாங்கியாகத் தெரிவதும், அசைவுகள் ஓடும்போதும் உயிரைச் சேர்த்துக்கொண்டிருக்கும் ரீஜென் அளவுக்கு மீறிக் கொழுத்திருப்பதும் இதனால்தான். நெருக்கடியும் இல்லை, யோசிக்கும் சுகமும் இல்லை. இரண்டிலும் சேராத ஒரு காத்திருப்பு. அடுத்த பாகம் பட்டையைத் தூக்கியெறிந்துவிட்டு, யாருக்கு அடுத்த முறை என்ற பட்டியலைத் திரையோரம் காட்டியதில் எனக்கு வியப்பில்லை.

ஆக, அக்கா மகனே, வெயிட்டில் வைத்து பையைத் திறந்தால் நத்தையின் நேரம் நிற்கும். ஏற்கெனவே கிளம்பிய கதிர் மட்டும் பாய்ந்து முடியும். தலை உள்ளேயா வெளியேயா என்று பார்த்துக்கொண்டு பையை மூடுவேன். மருந்து எனக்குத் தேவையே இல்லை.