அஞ்சு விரல் இருந்தாலே நிஜம் ஆகாது

ஒரு படம் ஏஐ உருவாக்கினதான்னு கண்டுபிடிக்கப் பலர் சொல்ற வழி இது: "விரலை எண்ணிப் பாருங்க. அஞ்சு இருந்தா நிஜ ஆள்தான்."

இதை நம்பி ஏமாந்துடாதீங்க. ஆறு விரல் 2022, 2023 ஏஐ படங்கள்ல அடிக்கடி வந்தது. இப்போ கை பெரும்பாலும் சரியாவே வருது. நேத்து ஒரு ஏஐ படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். விரல் அஞ்சு, நகம்கூடச் சுத்தம். ஆனா இடது தொங்கட்டான்ல மூணு கல், வலதுல ரெண்டு; அதோட கொக்கி காது மடலுக்குள்ளயே கரைஞ்சு போயிருக்கு. பின்னாடி பலகையில எழுத்து மாதிரி ஏதோ இருக்கு, ஒரு சொல்லும் தேறலை.

பல்லைப் பார்த்தே ஏஐ படத்தைக் கண்டுபிடிச்சிடலாம்னு சிலர் சொல்றது பாதி சரி. நடுவுல முன்பல் மூணு இருந்தா சந்தேகப்படலாம். ஆனா பலமுறை பகிர்ந்து மங்கின நிஜப் படத்துலயும் பல் ஒட்டின மாதிரிதான் தெரியும். உங்க பழைய படத்துல பின்னாடி இருக்கற பலகை மங்கலா இருந்தா, அதையும் ஏஐ படம்னு நினைப்பாங்களோன்னு பயப்பட வேண்டாம்: மங்கல் வேற, கூர்மையா இருந்தும் படிக்க முடியாதது வேற.