தொலைந்த பெட்டிக்குக் கிலோ கணக்கில் காசா?

என் பெட்டியைத் தொலைத்த விமான நிறுவனம் கடைசியில் பதில் அனுப்பியிருக்கிறது. பெட்டியின் எடை 19 கிலோ, கிலோவுக்கு 17 எஸ்டிஆர், ஆக மொத்தம் 323 எஸ்டிஆர் தருகிறோம், வங்கிக் கணக்கு எண் அனுப்புங்கள் என்று. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, அன்றன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு மாற்றித் தருவார்கள். அது கிடக்கட்டும். பழைய பேப்பர் கடையில் போடுவது போல பெட்டியை நிறுத்துப் பார்த்து விலை சொல்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

எடைக்குப் பணம் என்பது 1929 வார்சா ஒப்பந்தத்தின் வழி வந்த கணக்கு. 1999 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் சேர்ந்த இரண்டு நாடுகளுக்கு இடையே பறந்தால் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே பயணிகளின் பெட்டிக்கு எடை என்ற பேச்சே இல்லை, ஒரு பயணிக்கு இவ்வளவு என்ற உச்சவரம்புதான். 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 எஸ்டிஆர். என் பயணத்தின் இரண்டு முனைகளும் அதில் சேர்ந்த நாடுகள்தான். இது அவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1,519 என்பது உச்சவரம்பு, பெட்டி தொலைந்தவுடன் கையில் தரும் தொகை இல்லை. நஷ்டம் எவ்வளவு என்று நாம்தான் காட்ட வேண்டும். 2020-ல் ஐரோப்பிய நீதிமன்றமும் இதையேதான் சொன்னது. "முழுத் தொகையும் கொடு" என்று மட்டும் எழுதும் புகார்கள் படுத்துவிடுவது இதனால்தான்.

அதனால் நான் மறுபடி எழுதிய கடிதத்தில் கோபத்துக்கு இடமே வைக்கவில்லை. முதலில் பயணம்: இரண்டு விமான எண்கள், தேதி, இடையில் மாறிய விமான நிலையம், போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தந்த 10 இலக்க டேக் எண், வந்து இறங்கியதும் பெட்டி வரவில்லை என்று கவுன்டரில் பதிந்த பி.ஐ.ஆர். என்ற புகாரின் எண். பெட்டி வரவில்லை என்பதற்கு அந்த பி.ஐ.ஆர். காகிதம்தான் முதல் சாட்சி, அது இல்லாமல் வெளியே போய்விட்டால் அப்புறம் இழுபறிதான். இரண்டாவது விமானம் வேறு நிறுவனத்துடையது, "அவர்களிடம் கேளுங்கள்" என்று ஏற்கெனவே ஒரு முறை தள்ளிவிட்டார்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்கள் என்றால் முதல் நிறுவனத்தையும் கேட்கலாம், கடைசி நிறுவனத்தையும் கேட்கலாம், அதை ஒப்பந்தத்தின் 36-வது பிரிவோடு எழுதினேன். பெட்டியை எங்கே கடைசியாக ஸ்கேன் செய்தார்கள் என்ற பதிவையும் கேட்டிருக்கிறேன். விமானத்தில் ஏற்றும்போதும், விமானம் மாறும்போதும் பெட்டியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2018 முதல் அவர்களுடைய சங்கமான ஐயாட்டாவே வைத்திருக்கும் விதி.

அடுத்தது பொருட்கள். "துணிமணிகள், இதர சாமான்கள்" என்று ஒரே வரியில் எழுதினால் அவர்களும் ஒரே வரியில் வெட்டிவிடுவார்கள். கோட்டும் சூட்டும் 390 எஸ்டிஆர், ஷூ இரண்டு ஜோடி 170, பவர் கண்ணாடி 160, மற்ற உடைகள் 220, பெட்டி 140. ஆமாம், பெட்டியும் பொருள்தான், நிறைய பேர் அதை விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வாங்கிய வருடமும் என்ன ஆதாரம் என்பதும். எல்லாவற்றுக்கும் பில் யாரிடம் இருக்கிறது? சூட்டுக்குக் கார்டு ஸ்டேட்மென்ட், ஷூவுக்கு ஆர்டர் வந்த மின்னஞ்சல், கண்ணாடிக்குக் கடைக்காரர் மறுபடி எடுத்துக் கொடுத்த பில், கோட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டு நான் நிற்கும் ஒரு புகைப்படம். பெட்டிக்காகக் காத்திருந்த நாட்களில் வாங்கிய உள்ளாடை, பிரஷ், சட்டை எல்லாம் 95. மொத்தம் 1,175 எஸ்டிஆர். வரம்புக்குள்தான் இருக்கிறது, ஒரு பைசா கூட்டிப் போடவில்லை.

"இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்ற பல்லவிக்கும் பதில் இருக்கிறது. வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் தாண்டிவிட்டால் 17-வது பிரிவுப்படி பெட்டி தொலைந்ததாகவே வைத்து நஷ்டஈடு கேட்கலாம். அவர்கள் தேடி முடிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

நேற்று போன் வந்தது. கிலோ கணக்கைப் பற்றி மூச்சே இல்லை. இப்போது "பழைய பொருட்கள், தேய்மானம் கழிக்க வேண்டும்" என்கிறார்கள். சரி, கோட் நாலு வருடப் பழசு, அதில் கொஞ்சம் குறைப்பது நியாயம்தான், ஒத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பயணத்துக்கு முந்தின வாரம் வாங்கிய கண்ணாடிக்கு என்ன தேய்மானம்? எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்று எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறேன். கூடவே வந்த "முழு மற்றும் இறுதித் தீர்வு" படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. போட்டுவிட்டால் மிச்சத்தைக் கேட்க வழி இருக்காது. வழக்குப் போட வந்திறங்கிய நாளிலிருந்து 2 வருடம் இருக்கிறது, அதனால் அவசரம் அவர்களுக்குத்தான், எனக்கில்லை.